‘கொஞ்சம் ஸ்லோவா இருக்கு’ என்றதும் பாட்டை மாற்றாதீர்கள்

ஆடி பிறந்தால் டெல்டாவில் கல்யாண மண்டபங்கள் காலியாகும். கல்யாண வீடியோ எடிட்டர்களுக்கு மட்டும் அப்போதுதான் தூக்கம் போகும். வைகாசியிலும் ஆனியிலும் எடுத்ததெல்லாம் ஹார்ட் டிஸ்கில் குவிந்து கிடக்கும். ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் கொடுத்து முடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு போன் வரும்: “அண்ணே, பார்ட்டி கரெக்‌ஷன் சொல்லிக்கிட்டே இருக்காங்க, முடியவே மாட்டேங்குது.”

இந்த ஆடியில் அப்படி வந்தவர் குத்தாலம் பக்கத்துத் தம்பி ஒருவர். நல்ல கை. கட் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஒரு கல்யாண ஹைலைட், மொத்தமே 4 நிமிடம் 40 வினாடி, 11-வது வெர்ஷனில் நின்றது. 11-வதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை அனுப்பிய பதில்: “அண்ணா, முதல்ல அனுப்புனதே நல்லா இருந்துச்சு.” அதைப் படித்துக் காட்டிய தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. மாப்பிள்ளை மேல் இல்லை.

எங்கள் தொழிலில் எல்லோரும் நம்பும் ஒரு விஷயம் இருக்கிறது. கரெக்‌ஷன் முடியாமல் போனால் பார்ட்டி சரியில்லை, அதற்கு மருந்து பில்லில் ‘2 கரெக்‌ஷன் இலவசம், அதற்கு மேல் கட்டணம்’ என்று போடுவது. பாதி ஸ்டூடியோக்களின் பில்லில் இந்த வரி இருக்கிறது. அதனால் எந்த எடிட்டராவது நிம்மதியாகத் தூங்கியதை நான் பார்த்ததில்லை.

ஏன் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இதுதான் எனக்குத் தீராத எரிச்சல். ‘2 கரெக்‌ஷன்’ என்று எழுதுகிறீர்கள். ஒரு கரெக்‌ஷன் என்றால் என்ன? பெண்ணின் அப்பா “கலர் பாருங்க தம்பி” என்று ஒரு மெசேஜ் போட்டால் அது ஒன்றா? மாப்பிள்ளையின் அக்கா மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜில் ஒன்பது விஷயம் சொன்னால் அது ஒன்றா, ஒன்பதா? நீங்கள் ஒரு மாதிரி எண்ணுகிறீர்கள், அவர்கள் வேறு மாதிரி எண்ணுகிறார்கள். அவர்கள் கணக்கில் வீட்டில் ஆளுக்கு இரண்டு. அதிலும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தனி, பெண் வீட்டுக்குத் தனி. “மூணாவது ஆகிடுச்சுங்க, காசு ஆகும்” என்று நீங்கள் சொல்லும்போது அவர்களுக்கு அது ஏமாற்று வேலையாகத்தான் தெரியும். சண்டை பிடிக்க மனமில்லாமல் நீங்கள் செய்து கொடுப்பீர்கள். அடுத்த மாதம் அதே பில், அதே வரி.

எண்ண வேண்டியது கரெக்‌ஷனை இல்லை, சுற்றை. ஒரு சுற்று என்றால், ஒரு வெர்ஷனை எல்லோரும் பார்த்து முடித்து, ஒருவர் மூலமாக, ஒரே பட்டியலாக வருவது. அந்தப் பட்டியலில் இரண்டு வரி இருந்தாலும் ஒரு சுற்றுதான், முப்பது வரி இருந்தாலும் ஒரு சுற்றுதான். பட்டியல் முழுதாக வந்து சேரும் வரை டைம்லைனைத் திறக்கக் கூடாது. மெசேஜ் வர வர ஒவ்வொன்றாகச் செய்து ரெண்டர் போடுவது சுறுசுறுப்பு போலத் தெரியும். ஐந்து பேர் ஆளாளுக்கு வந்து உப்பு போடச் சொல்ல, ஐந்து தடவையும் போடுகிற பந்திச் சமையல்காரர் செய்வதும் அதைத்தான்.

தம்பியின் கதைக்கு வருகிறேன். பெண் வீடு திருவையாறு, மாப்பிள்ளை வீடு மயிலாடுதுறை, மண்டபம் கும்பகோணம். மாப்பிள்ளை வேலை பார்ப்பது சிங்கப்பூரில். தம்பி முதல் வெர்ஷனை மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், அவர் அதை அப்படியே குடும்ப குரூப்பில் போட்டார். “சூப்பர்ணா, கொஞ்சம் ஸ்லோவா இருக்கு” என்று மாப்பிள்ளையிடமிருந்து பதில். தம்பி உடனே பாட்டை மாற்றினார். வேகமான பாட்டு. பெண்ணின் அப்பா கேட்டுவிட்டு, தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளமே கேட்கவில்லை, குத்துப் பாட்டு மாதிரி இருக்கிறது என்றார். கெட்டிமேளத்தை ஏற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளை: “இன்னும் ஸ்லோதாண்ணா.” மூன்றாவது பாட்டு. அடுத்து, அரக்குப் பட்டு ரோஸாகத் தெரிகிறது என்று புகார், கலர் முழுவதும் மறுபடி. அடுத்து அக்கா: “எங்க தாய்மாமன் எங்கே?” சேர்த்தார். அதற்கப்புறம் பெயரில் எழுத்துப் பிழை, அதையும் திருத்தினார். மாப்பிள்ளை மறுபடி ஸ்லோ என்றதும் ஷாட்டுகளின் நீளத்தைக் குறைத்தார், அந்த வெட்டில் தாய்மாமன் போய்விட்டார். அக்காவின் அடுத்த வாய்ஸ் மெசேஜை எனக்குப் போட்டுக் காட்டினார். ஒரு தடவை சேர்த்த தாய்மாமனை மறுபடி எடுப்பதென்றால் வேண்டுமென்றே செய்தது என்றுதான் அர்த்தம் என்கிறார். டெல்டா கல்யாணத்தில் தாய்மாமன் விஷயம் எங்கே போய் முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவசரத்தில் தம்பி பழைய டைம்லைனில் இருந்து அந்தப் பகுதியை எடுத்து ஒட்டினார். அதோடு சேர்ந்து பழைய எழுத்துப் பிழையும் வந்து உட்கார்ந்தது.

இதில் எந்தப் பார்ட்டி சரியில்லை? எல்லோரும் தங்கள் கண்ணுக்குப் பட்டதைச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

தம்பியை உட்கார வைத்து மாப்பிள்ளைக்கு போன் போடச் சொன்னேன். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், அதனால் நம் ஏழு மணிக்கே கூப்பிட வேண்டும். (ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் அவர் பாதித் தூக்கத்தில் எல்லாவற்றுக்கும் ‘சரிண்ணா’ என்பார், மறுநாள் அது எதுவும் நினைவில் இருக்காது.) கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றே ஒன்று: “தம்பி, பாக்கும்போது எந்த இடத்துல கைய வச்சுத் தள்ளி விட்டீங்க?”

பதில் யோசிக்காமல் வந்தது. “ஆரம்பத்துலதாண்ணா. நாங்க வர்றதுக்கே ஒரு நிமிஷம் ஆகுது.”

டைம்லைனைப் பார்த்தோம். முதலில் ட்ரோனில் ஆற்றங்கரை, வாழைத் தோப்பு, மண்டப வாசல், கட்டிய வாழை மரம், கோலம், மேடை அலங்காரம், விளக்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் முதன்முதலில் தெரிவது 52-வது வினாடியில். பாட்டு ஸ்லோ இல்லை. இவர்கள் வரத் தாமதம். 11 வெர்ஷனில் ஒரு தடவைகூட அந்த 52 வினாடியைத் தம்பி தொடவில்லை. பாட்டை இரண்டு தடவை மாற்றியும், ட்ரோன் ஷாட் அழகாக இருக்கிறதே என்று அதை மட்டும் அப்படியே விட்டு வைத்திருந்தார்.

இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பார்ட்டி சொல்வதில் இரண்டு சமாச்சாரம் கலந்திருக்கும். ஒன்று அவருக்கு ஏற்பட்ட உணர்வு: போர் அடித்தது, நெருடியது, யாரையோ காணோம். இன்னொன்று அவராகச் சொல்லும் வைத்தியம்: பாட்டை மாத்துங்க, கலரை ஏத்துங்க, ஸ்பீடா ஓட்டுங்க. உணர்வு எப்போதும் உண்மை, அதைச் சந்தேகப்பட வேண்டாம். வைத்தியம் பெரும்பாலும் ஊகம். அவர் எடிட்டர் இல்லை, அவர் ஊகிப்பதில் தப்பும் இல்லை. உணர்வு வந்த இடத்தைத் தேடாமல் ஊகத்தை மட்டும் செய்து கொடுத்தால் அதே புகார் அடுத்த சுற்றிலும் வரும். ஒரே வார்த்தை இரண்டாவது தடவை வருகிறது என்றால், முதல் தடவை தப்பான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காமல் போனை எடுங்கள்.

‘ஸ்லோ’ என்றால் மூன்று விதமாக இருக்கலாம். பாட்டின் தாளம் மெதுவாக இருக்கலாம், ஒவ்வொரு ஷாட்டும் நீளமாக இருக்கலாம், அல்லது பார்க்க வந்தது வரத் தாமதமாகலாம். என் அனுபவத்தில் கல்யாண ஹைலைட்டில் மூன்றாவதுதான் அதிகம். ‘ஒரு மாதிரி இருக்கு’ என்றால் அநேகமாக ஒரு குறிப்பிட்ட ஷாட்டில் தன் முகமோ அம்மாவின் முகமோ பிடிக்கவில்லை, வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார். “எதையாவது எடுத்துடலாமா?” என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

பாட்டை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பது பார்ட்டிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், ஆனால் நாமும் சொல்வதில்லை. தம்பியின் முதல் பாட்டு நிமிடத்துக்கு 96 பீட். நாலு பீட்டுக்கு ஒரு கட் வைத்தால் ஒரு ஷாட் 2.5 வினாடி. மாற்றிய பாட்டு 120 பீட், அதே கணக்கில் ஒரு ஷாட் 2 வினாடிதான். ஆக ஒவ்வொரு கட்டும் நகர வேண்டும். 280 வினாடிக்கு 112 ஷாட் இருந்த இடத்தில் 140 வேண்டும், 28 புது ஷாட்டுக்கு எங்கே போவது? கண்டதையும் போட்டு நிரப்புவோம். நிரப்பிய ஷாட்டில் யாராவது வாயைத் திறந்து சாப்பிட்டுக் கொண்டிருப்பார், அதற்கு ஒரு புகார் வரும். பாட்டை மாற்றுவதைக் கரெக்‌ஷன் என்று சொல்லக் கூடாது. அது புது எடிட்.

அதனால் பாட்டை முதல் கட் போடுவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். பாட்டை அனுப்பி, “இதுதான், இதுக்கு மேலதான் வெட்டப் போறேன், மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க” என்று எழுதி, பதில் ‘ஓகே’ என்று எழுத்தில் வந்த பிறகே உட்காருங்கள். வாய்ஸ் மெசேஜில் வந்த ஓகே வேண்டாம், ஆறு வாரம் கழித்துத் தேட முடியாது.

அப்புறம், பெயர்கள். தயவுசெய்து அழைப்பிதழைப் போட்டோ எடுத்து வாங்குங்கள். போனில் கேட்டு டைப் அடிக்காதீர்கள். பத்திரிகையில் இருக்கும் இன்ஷியல், பட்டம், எழுத்து எல்லாம் வீட்டுப் பெரியவர்கள் பத்து தடவை பார்த்து அச்சுக்குக் கொடுத்தவை. அதைப் பார்த்து டைட்டில் போட்டால் ஒரு சுற்று மிச்சம். அதே மாதிரி, ‘இவர்கள் கட்டாயம் வர வேண்டும்’ என்று இரண்டு பக்கமும் எட்டு பத்து முகங்களின் படம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி, தாய்மாமன், அத்தை, ஊரிலிருந்து வந்த பெரியப்பா. நமக்கு அவர்கள் வெறும் கூட்டம், யார் யாரென்று தெரிய வழியில்லை. ஷூட்டில் எடுக்காத முகம் என்றால் அப்போதே தெரிந்துவிடும். போட்டோகிராபரிடம் ஸ்டில் இருக்கிறதா பார்க்கலாம், அதுவும் இல்லையென்றால் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடலாம். ‘எங்க பக்கத்து ஆளுங்களையே காணோம்’ என்ற புகாரில் பாதிக்குக் காரணம் கேமரா பெண் வீட்டுப் பக்கம் நின்றதுதான். எடிட்டில் அதைச் சரிசெய்ய முடியாது.

இனி அனுப்பும் விதம். இதில் நாமே வலியப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ளும் புகார்கள் நிறைய.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கித்தான் போகும். விளக்கு வெளிச்சத்தில் ஜரிகை உடைந்து கட்டம் கட்டமாகத் தெரியும், முகம் மங்கும். ‘கிளியரா இல்ல’, ‘கலர் டல்’ என்று வரும் புகாரில் பெரும்பகுதி இதுதான். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்படி அனுப்பினால் ஃபைல் மாறாமல் போகும், 2 ஜிபி வரை ஏற்கும். அதற்காக முழு எக்ஸ்போர்ட்டையும் தூக்கி அனுப்பாதீர்கள். பார்வைக்கு 720p, நொடிக்கு 3 மெகாபிட் போதும், 4 நிமிடம் 40 வினாடி ஹைலைட் சுமார் 105 எம்பி வரும். கிராமத்தில் மொபைல் டேட்டாவில் பார்க்கும் பெரியவருக்கும் அது இறங்கும். யூடியூபில் அன்லிஸ்டட் லிங்க் கொடுப்பவர்கள் ஏற்றின உடனே அனுப்ப வேண்டாம். முதலில் குறைந்த தரம்தான் தயாராகும், ஹெச்டி வர நேரம் எடுக்கும். சினிமாப் பாட்டு போட்டிருந்தால் காப்புரிமை காரணமாக வீடியோவே ஓடாமல் போகவும் கூடும்.

கலர் புகார் வந்தால் கிரேடிங்கைத் தொடுவதற்கு முன் எந்த போனில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். திரை ‘விவிட்’ மோடில் இருந்தால் சிவப்பு எகிறும். கண் கூசாமல் இருக்கப் போடும் இரவு மோடு ஆனில் இருந்தால் எல்லாம் மஞ்சளாகும். பெண்ணின் அப்பா ராத்திரி பத்து மணிக்கு அந்த மோடில் பார்த்துவிட்டு ‘மஞ்சளா இருக்கு’ என்றால், நீங்கள் நீலத்தை ஏற்றிக் கொடுப்பீர்கள், காலையில் பெண் பார்த்துவிட்டு ‘என் முகம் வெளுத்திருக்கு’ என்பாள். இன்னொரு போனில் பார்த்துவிட்டும் அதே புகார் என்றால் அப்போது கை வையுங்கள். தம்பியின் அரக்குப் பட்டு அந்த வகைதான், இரண்டு போனிலும் ரோஸாகத்தான் தெரிந்தது. மேடையில் ரோஸ் எல்ஈடி விளக்கைப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். அந்த ஷாட்டுகளுக்கு மட்டும் தனியாகச் சரி செய்ய வேண்டியிருந்தது, முழு வீடியோவுக்கும் இல்லை. (டெக்கரேஷன் ஆட்களிடம் முகூர்த்த நேரத்துக்கு மட்டுமாவது வெள்ளை விளக்கு கேட்டுப் பாருங்கள். கேட்க மாட்டார்கள். இருந்தாலும் கேளுங்கள்.)

பார்வைக்கு அனுப்பும் ஒவ்வொரு வெர்ஷனிலும் மூலையில் நேரமும் வெர்ஷன் எண்ணும் தெரிய வேண்டும். ரிசால்வில் Workspace மெனுவில் Data Burn-In இருக்கிறது. பிரீமியரில் எக்ஸ்போர்ட் செய்யும்போது Effects பகுதியில் Timecode Overlay இருக்கிறது. ரிசால்வ் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டைம்லைன் 01:00:00:00 என்றுதான் தொடங்கும், அப்படியே விட்டால் நாலு நிமிட வீடியோவில் ‘ஒரு மணி நேரம் ரெண்டு நிமிஷம்’ என்று பார்ட்டி குழம்புவார். Start Timecode-ஐ 00:00:00:00 ஆக்கிவிடுங்கள். கடைசி இரண்டு எண் ஃபிரேம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. 00:02:14:10 என்று திரையில் இருந்தால் ‘14 நிமிஷம் 10 செகண்ட்’ என்று எழுதுவார்கள்.

இதற்கெல்லாம் பாடம் நடத்த வேண்டாம். ஒரே வழி: “மாத்த வேண்டிய இடத்துல நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அதுக்குக் கீழ என்னன்னு ஒரு வரி எழுதுங்க.” படத்திலேயே நேரமும் வெர்ஷன் எண்ணும் இருக்கும். எழுபது வயது மாமாவும் செய்வார், இல்லையென்றால் பேரன் செய்து கொடுப்பான். ‘அந்த நடுவுல வர்ற இடம்’ என்ற பேச்சே இருக்காது.

யாரிடமிருந்து பட்டியல் வாங்குவது என்பது அடுத்த கேள்வி. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒருவர். அவர் மாப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, பொறுப்பான தம்பி தங்கை யாராவது போதும். ஆனால் பணம் கொடுப்பவர் முதல் சுற்றிலேயே பார்த்திருக்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் மூன்று சுற்று பார்த்து முடித்த பிறகு பாக்கிப் பணம் கொடுக்கும் நாளில் அப்பா முதன்முதலாகப் பார்த்தால், அன்றைக்குத்தான் உண்மையான முதல் சுற்று ஆரம்பிக்கிறது. குடும்ப குரூப்பில் உங்களைச் சேர்த்தால் மரியாதையாக வெளியே வந்துவிடுங்கள்.

மாப்பிள்ளை ஒன்று சொல்லி, மாமனார் நேர் எதிராகச் சொன்னால் நீங்கள் நடுவர் ஆகாதீர்கள். இன்றைக்கு இவருக்காக மாற்றி, நாளைக்கு அவருக்காகத் திருப்பினால் சுற்று முடியவே முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அந்த ஒருவருக்கே திருப்பி அனுப்புங்கள்: “இந்த இடத்துல ரெண்டு பேர் ரெண்டு விதமா கேக்குறாங்க, வீட்ல பேசி ஒண்ணு சொல்லுங்க.” பெரும்பாலும் ஒருவர் விட்டுக்கொடுத்துவிடுவார். நீங்கள் செய்து கொடுத்துக்கொண்டே இருக்கும் வரை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

பட்டியல் வந்ததும் டைம்லைனைத் திறக்காமல், முதலில் நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பி எழுதி அனுப்புங்கள். தம்பிக்காக அன்று நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

“வெர்ஷன் 1-லிருந்து செய்யப் போவது. ஆரம்பத்தைக் குறைக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் 20 செகண்டுக்குள்ள வந்துடுவீங்க. பாட்டு முதல் பாட்டேதான். தாலி கட்டும்போது பாட்டு அடங்கி கெட்டிமேளம் மட்டும் கேக்கும். தாய்மாமன் ரெண்டு இடத்துல வருவார். பெயர்கள் பத்திரிகைப்படி. மேடை ஷாட்ல புடவை கலர் சரி செய்றேன். பெரியப்பா நலங்கு வைக்கிறது ஷூட்ல இல்ல, அதனால சேர்க்க முடியாது. வேற ஏதாவது இருந்தா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, சனிக்கிழமை வேலை ஆரம்பிக்கிறேன்.”

முடியாததையும் அதிலேயே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். எழுதாமல் விட்டால் மறந்துவிட்டோம் என்று நினைத்து அடுத்த சுற்றில் மறுபடி கேட்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அக்காவிடமிருந்து மட்டும் ஒரு வரி வந்தது, பாட்டி பூ வைத்துவிடும் ஷாட் வேண்டும் என்று. அதையும் சேர்த்துப் பட்டியலை மூடினோம்.

வேலை செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் யார் வர வேண்டும், எது போக வேண்டும் என்பது. பிறகு பாட்டின் நீளம். பிறகு கட். அதற்கு மேல் கட்டைத் தொடுவதில்லை என்று ஆன பிறகே கலர், சத்தம், டைட்டில். கலர் முடித்த பிறகு கட்டை மாற்றினால் கலரும் வீண். தம்பிக்கு நடந்தது அதுதான்.

52 வினாடி ஆரம்பத்தில் எவ்வளவு குறைப்பது என்று பார்த்தோம். 96 பீட் பாட்டில் நாலு பீட் சுற்று ஒன்று 2.5 வினாடி, பதினான்கு சுற்று எடுத்தால் சரியாக 35 வினாடி. முன்னிசையில் திரும்பத் திரும்ப வரும் பகுதி இருந்ததால் வெட்டியது காதுக்குத் தெரியவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் 17-வது வினாடியில் வந்தார்கள், மொத்தம் 4 நிமிடம் 5 வினாடி ஆனது. ட்ரோன் ஷாட்டில் ஒன்று மட்டும் தங்கியது. தம்பிக்கு மனசில்லை, நீள வீடியோவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அது 12-வது வெர்ஷன். அதற்குப் பிறகு வந்தது ஒரே ஒரு மெசேஜ், கெட்டிமேளம் இன்னும் கொஞ்சம் சத்தமாக இருக்கலாம் என்று, பெண்ணின் அப்பாவிடமிருந்து.

ஒவ்வொரு சுற்றுக்கும் டைம்லைனை டூப்ளிகேட் செய்து, புதியதில் மட்டும் வேலை செய்யுங்கள். பழையதை அழிக்காதீர்கள். ‘முதல்ல இருந்ததே நல்லா இருந்துச்சு’ என்பதை எல்லோரும் ஒருநாள் கேட்கத்தான் போகிறோம். பெயர் வைக்கும்போது `highlight_v03` மாதிரி எண் மட்டும் போதும். `final` என்ற வார்த்தையை ஃபைல் பெயரில் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். பழைய வெர்ஷனில் இருந்து ஏதாவது பகுதியை எடுத்து ஒட்டினால், அதற்குப் பிறகு செய்த திருத்தங்கள் அந்தப் பகுதியில் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். அனுப்பும் முன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தச் சுற்றுப் பட்டியலை மட்டும் இல்லை, முந்தைய சுற்றுப் பட்டியலையும் வைத்துக்கொண்டு, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நாலு நிமிடம்தான். தாய்மாமன் இரண்டாவது தடவை காணாமல் போனதை அந்த நாலு நிமிடம் தடுத்திருக்கும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. நம் தப்புக்கு எப்போதும் காசு கிடையாது: எழுத்துப் பிழை, சத்தம் வெடிப்பது, எடுத்து வைத்த ஷாட்டை விட்டது, இதெல்லாம் பத்தாவது சுற்றில் கண்டுபிடித்தாலும் இலவசம்தான். அவர்கள் மனம் மாறினால், அதாவது ஓகே சொன்ன பாட்டை மாற்றச் சொன்னால், காசு உண்டு. இரண்டு சுற்றுக்கு மேல் போனாலும் உண்டு. எவ்வளவு என்பதை வேலையைச் செய்வதற்கு முன் சொல்லுங்கள். செய்து முடித்துவிட்டுக் கேட்டால் தகராறு, முன்னால் சொன்னால் பாதிப் பேர் “பரவால்ல, இருக்கட்டும்” என்று விட்டுவிடுவார்கள். பில்லில் இருக்கும் அந்த ‘2 கரெக்‌ஷன் இலவசம்’ வரியை அடித்துவிட்டு, ‘2 சுற்று, ஒரு சுற்று என்றால் இரு வீட்டாரும் பார்த்து ஒருவர் அனுப்பும் ஒரே பட்டியல்’ என்று எழுதுங்கள். அட்வான்ஸ் வாங்கும் அன்றே அதைப் படித்துக் காட்டுங்கள், முகூர்த்தம் முடிந்த பிறகு இல்லை.

இந்த முறை எல்லா இடத்திலும் வேலை செய்யாது. கல்யாணத்துக்கும் வீடியோவுக்கும் நடுவில் இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்துவிட்டால், ஒரு பக்கத்து ஆட்களை எடுக்கச் சொல்வார்கள், இன்னொரு பக்கம் சேர்க்கச் சொல்வார்கள். அங்கே எந்தப் பட்டியலும் மூடாது. இரண்டு தனி வெர்ஷன் கொடுத்து, இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

கடைசி எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது, எந்தத் தேதி வரை அவர்கள் ஃபுட்டேஜ் உங்களிடம் இருக்கும் என்று அதே மெசேஜில் எழுதிவிடுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ஒருமுறை நினைவூட்டுங்கள். தை மாதம் வளைகாப்பில் போட்டுக் காட்ட நினைத்து, “அந்த நாலாவது ஷாட்டை மட்டும் மாத்தித் தர முடியுமா” என்று கேட்பவர்கள் உண்டு.